நாள் முழுக்க நிற்க, நெரிசல் பேருந்தில் போக: ஆக்ஸ்ஃபோர்டா, லோஃபரா, டெர்பியா?

எனக்கு வரவேற்பு மேசையில் வேலை. ஏழெட்டு மணி நேரம் கெட்டியான தரையில் நின்றபடியே இருக்க வேண்டும். போகவும் வரவும் பேருந்து. உட்கார இடம் கிடைக்கும் நாள் அபூர்வம். உடை விதிப்படி கறுப்பு ஃபார்மல் ஷூ கட்டாயம். இந்த நிலைமையில் நான்கு வகை ஷூக்களை மாறி மாறிப் போட்டுப் பார்த்துவிட்டேன். தோற்றத்துக்கு ஒன்று, சௌகரியத்துக்கு ஒன்று என்று பிரித்துத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு அந்தப் பிரிவினையே சரியாகப் படவில்லை. காலையில் கால் இருக்கும் அளவு ஒன்று, சாயங்காலம் இருக்கும் அளவு இன்னொன்று. இந்த வித்தியாசத்துக்கு எந்த ஷூ இடம் கொடுக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

இதை ஒரு நாள் அளந்தே பார்த்தேன். தையற்காரர் வைத்திருக்கும் அளவு நாடாவை, லேஸ் கட்டும் இடத்தில், மேல்பாதத்தைச் சுற்றிப் பிடித்தேன். காலை கிளம்பும் முன் 25.2 சென்டிமீட்டர். ராத்திரி வீட்டுக்கு வந்து சாக்ஸைக் கழற்றியதும் அதே இடத்தில் 25.8. ஆறு மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் ஒரே நீளத்தில் அகலத்தை மட்டும் மாற்றித் தயாரிக்கும் ஷூக்களில், ஓர் அகலத்துக்கும் அடுத்த அகலத்துக்கும் சுற்றளவில் இருக்கும் வித்தியாசமே ஏறக்குறைய அவ்வளவுதான். அதாவது காலையில் எனக்குச் சரியாக இருக்கும் ஷூ, சாயங்காலம் ஓர் அகலம் சின்னதாகிவிடுகிறது. நடந்தால் கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளிவிடும். அசையாமல் நிற்கும்போது அது குறைவாகவே நடப்பதால் நீர் பாதத்தில் தங்கி வீங்குகிறது. நடந்தே வேலை பார்ப்பவரைவிட நின்று வேலை பார்ப்பவருக்கு ஷூ அதிகம் கடிக்க இது ஒரு காரணம்.

முதலில் ஆக்ஸ்ஃபோர்ட். பார்வைக்கு இதை மிஞ்ச எதுவும் இல்லை என்று இன்றும் சொல்வேன். லேஸ் ஓட்டைகள் இருக்கும் இரண்டு பக்கத் தோலும் முன்பக்கத் தோலுக்கு அடியில் போய்த் தைக்கப்பட்டிருக்கும். அதனால் மேல்பாகம் மூடி, ஒரே வழவழப்பாகத் தெரியும். அழகு எங்கிருந்து வருகிறதோ அங்கேதான் சிக்கலும். லேஸை எவ்வளவு தளர்த்தினாலும் மேலே மட்டும் கொஞ்சம் விரியும். கீழே தையல் பூட்டிய இடம் அசையாது. மேல்பாதம் உயரமாக இருப்பவர்களுக்குக் காலையிலேயே நடுவில் அழுத்தும். எனக்குக் காலையில் கச்சிதமாக இருந்தது. மதியம் மூன்று மணி வாக்கில் லேஸ் முடிச்சுக்குக் கீழே ஒரு கோடு போட்ட மாதிரி வலி தொடங்கும். உள்ளே மெத்தென்ற இன்சோல் போட்டால் சரியாகும் என்று மூன்று மில்லிமீட்டர் கனத்தில் ஒன்று வாங்கிப் போட்டேன். அது காலை மேலே தூக்கிவிட்டதால் வலி இன்னும் சீக்கிரம் வந்தது. ஏற்கெனவே இறுக்கமான ஷூவில் இன்சோல் சேர்ப்பது இருக்கும் இடத்தையும் பறிப்பதாகும்.

என் ஆக்ஸ்ஃபோர்டில் அடியும் தோல்தான். தோல் சோல் மெல்லியதாக, நேர்த்தியாக இருக்கும். ஆனால் மழை நாளில் பேருந்தின் உலோகப் படியில் அது வழுக்கும். ஓட்டுநர் பிரேக் போடும்போது கம்பியைப் பிடித்திருந்தும் கால் அரை அடி நகர்ந்த நாள்கள் உண்டு. அதற்கு மெல்லிய ரப்பர் தகடு ஒட்டித் தருவார்கள், நல்ல தீர்வுதான். ஆனால் மேல்பாதப் பிரச்சினையை அது தீர்க்காது. ஆகவே உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் பிரமாதம். நிற்பவர்களில், மேல்பாதம் தாழ்வாக இருப்பவர்களுக்கு மட்டும் ஒத்துவரும்.

அடுத்து லோஃபர். லேஸ் கிடையாது, மாட்டிக்கொண்டு கிளம்பலாம் என்பதால் சௌகரியமான ஷூ என்று பெயர் வாங்கிவிட்டது. என் வேலைக்கு நான்கில் மோசமானது இதுதான். லேஸ் இல்லாத ஷூ காலில் நிற்க வேண்டுமானால், தோலே காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். காலை நேரத்து அளவுக்கு இறுக்கமாக வாங்கினால் சாயங்காலம் தளர்த்த வழியில்லை. சாயங்கால அளவுக்கு வாங்கினால் காலையில் குதிகால் ஒவ்வோர் அடிக்கும் மேலே ஏறி இறங்கும். அதைத் தடுக்க விரல்கள் தம்மை அறியாமலே மடங்கி ஷூவைப் பிடித்துக்கொண்டிருக்கும். ராத்திரி பாதத்தின் அடி குடைவதற்கு அதுதான் காரணம் என்று எனக்குப் புரியவே ரொம்ப நாளாயிற்று.

பேருந்தில் நடந்தது இன்னும் மோசம். இறங்கும் நிறுத்தம் வந்து வாசல் பக்கம் நகர்கிறேன். பின்னால் வந்தவர் என் இடது குதிகாலை மிதித்துவிட்டார். கால் முன்னே வந்துவிட்டது, ஷூ பின்னே நின்றுவிட்டது. அத்தனை கால்களுக்கு நடுவே குனிய முடியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர், “இருங்க தம்பி, உங்க ஷூ என் காலுக்குக் கீழதான் இருக்கு” என்று கால் விரலாலேயே தள்ளிக்கொடுத்தார். அதற்குள் பின்பக்க விளிம்பு மடிந்துவிட்டிருந்தது. குதிகாலைத் தாங்கும் விறைப்பு அட்டை ஒருமுறை மடிந்தால் பழைய வடிவத்துக்குத் திரும்புவது சந்தேகம். எனக்குத் திரும்பவில்லை, அந்த மடிப்பு அன்றிலிருந்து குதிகாலை உரசிக்கொண்டே இருந்தது.

மூன்றாவது, மேலே ஃபார்மல் தோலும் கீழே விளையாட்டு ஷூ அடிப்பாகமும் வைத்து வருவது. இதற்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. தராசில் வைத்தேன்: இது ஒரு கால் 320 கிராம், என் டெர்பி 480. பேருந்துக்கு ஓடிப் பிடிக்கும் பத்து நிமிடத்துக்கு இதைப்போல ஒன்று இல்லை. ஆனால் நடப்பது வேறு, நிற்பது வேறு. மிக மெத்தென்ற அடிப்பாகத்தில் நின்றால் குதிகால் உள்ளே புதைந்து லேசாகப் பக்கவாட்டில் ஆடுகிறது. அந்த ஆட்டத்தைச் சமாளிக்கக் கணுக்கால் தசைகள் நாள் முழுக்க வேலை செய்கின்றன. அதோடு அந்த நுரை நாளாக நாளாக அமுங்கிப்போகும். ஏழெட்டு மாதத்தில் என் ஷூவின் குதிகால் ஓரத்தில் சுருக்கக் கோடுகள் விழுந்தன. பின்னால் இருந்து பார்த்தால் ஷூ வெளிப்பக்கம் சாய்ந்திருந்தது. அப்படிச் சாய்ந்ததைத் தொடர்ந்து போட்டால் முழங்கால் வரை இழுக்கும். தோற்றத்தைப் பொறுத்தவரை, அடிப்பாகம் வெள்ளையாக இருந்தால் எவ்வளவு பாலிஷ் போட்டாலும் ஃபார்மலாகத் தெரியாது. முழுக் கறுப்பு என்றால் தூரத்தில் பரவாயில்லை. என் மேலதிகாரி இரண்டு முறை குனிந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. நின்று பாதி, நடந்து பாதி என்ற வேலைக்கு இதைத் தயங்காமல் வாங்கலாம்.

நான்காவது, நான் இப்போது போடும் ரப்பர் சோல் டெர்பி. இதில் லேஸ் ஓட்டைகள் இருக்கும் இரண்டு இறக்கைகளும் முன்பக்கத் தோலின் மேலே உட்கார்ந்திருக்கும். அடியில் மட்டும்தான் தையல். மற்றபடி கதவு மாதிரி இரண்டு பக்கமும் திறக்கும். ஆக்ஸ்ஃபோர்டைவிட ஒரு படி குறைந்த ஃபார்மல் என்று சொல்வார்கள், உண்மைதான். ஆனால் கால்சட்டை விளிம்பு லேஸ் மேல் விழுந்து நிற்கும்போது வெளியே தெரிவது முன்பாகம் மட்டுமே. அது வழவழப்பாக, வேலைப்பாடு இல்லாமல், கறுப்பாக இருந்தால் எதிரில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். கொஞ்சம் தோற்றத்தை விட்டுக்கொடுத்து, அந்த ஆறு மில்லிமீட்டரை நான் வாங்கிக்கொள்கிறேன்.

டெர்பி என்றாலே போதும் என்று நினைத்துவிடக் கூடாது. இறக்கை திறப்பது மேல்பாதத்துக்கு மட்டும்தான் உதவும். விரல்கள் தொடங்கும் அகலமான இடத்தில் ஷூவின் அச்சு எப்படியோ அப்படித்தான். முன்பாகம் கூராக இருந்தால் சுண்டுவிரல் மடங்கத்தான் செய்யும். கூர்முனை ஷூவில் விரலுக்கு முன்னால் நீளம் வேறு அதிகம். நெரிசலில் அடுத்தவர் மிதிப்பதும் அந்த நீளத்தைத்தான். அதனால் முனை வட்டமாக இருப்பதே நல்லது. தோலிலும் ஒன்று கவனிக்க வேண்டும். கண்ணாடி போலப் பளபளக்கும்படி மேலே பூச்சு கொடுத்த தோல் கடையில் அழகாக இருக்கும். மிதிபட்டுப் பூச்சு உரிந்தால் பாலிஷ் அந்த இடத்தில் ஏறாது. பூச்சு கனமில்லாத, இயல்பான தோலில் விழும் கீறலைக் கறுப்பு க்ரீம் தேய்த்து ஏறக்குறைய மறைத்துவிடலாம். தினமும் மிதிபடும் ஷூவுக்கு இது சின்ன விஷயமே இல்லை.

அலுவலகத்தில் ஒரு ஜோடியை வைத்துவிட்டு, பேருந்துக்கு வேறு ஷூ போட்டு வரலாமே என்று கேட்பார்கள். பூட்டி வைக்க இடம் இருப்பவர்களுக்கு மிக நல்ல யோசனை. கீறல் பிரச்சினையே போய்விடும். ஆனாலும் நிற்கும் எட்டு மணி நேரம் அப்படியேதான் இருக்கிறது. அங்கே வைக்கும் ஜோடியும் மேலே சொன்னபடி பார்த்து வாங்கியதாகத்தான் இருக்க வேண்டும்.

சரி, கடையில் எப்படிப் பார்ப்பது? வேலை முடிந்து, வீங்கிய காலோடு, தினமும் போடும் அதே சாக்ஸோடு போங்கள். ஷூவின் முனையையும் குதிகாலையும் பிடித்து வளையுங்கள். விரல்கள் மடங்கும் இடத்தில் வளைய வேண்டும். நடுவில் மடிந்தால் பாத வளைவைத் தாங்கும் தகடு உள்ளே இல்லை, அல்லது பலமில்லை என்று அர்த்தம். உள்ளே குதிகால் படும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்கி உடனே எழும்ப வேண்டும். போட்டு நின்றால், நீளமான விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டர் இடம் இருக்க வேண்டும். அப்புறம் லேஸைக் கட்டிவிட்டு இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே பாருங்கள். வீங்கிய காலில் ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி இருந்தால் சரி; காலையில் இழுத்துக் கட்ட அது போதும். சாயங்காலமே இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றால் அந்த ஷூ பெரிது, காலையில் குதிகால் ஆடும்.

நான் காலையில் இழுத்துக் கட்டி, முடிச்சின் நுனிகளை உள்ளே செருகிக்கொண்டு பேருந்து ஏறுகிறேன். தொங்கும் லேஸை யாராவது மிதிக்காமல் இருக்கத்தான். மதியச் சாப்பாடு முடிந்ததும் ஒரு முறை அவிழ்த்து, கீழ் ஓட்டையிலிருந்தே தளர்த்தி மறுபடி கட்டுகிறேன். அந்த மூன்று மணி வலி இப்போது வருவதில்லை.