ரெஃபரன்ஸ் கேட்டு போன் வந்தால்: மழுப்பலா, புகழ்ச்சியா, நடந்ததா?

என் டீமில் இரண்டு வருடம் இருந்தவரைப் பற்றி வேறொரு நிறுவனத்தின் மேனேஜர் போனில் கேட்டார். ஆள் கெட்டிக்காரர். மற்றவர்கள் கைவிட்ட பிழையைக்கூட சிஸ்டம் லாகை வரிவரியாகப் படித்துப் பிடித்துவிடுவார். ஆனால் வேலை தாமதமானால் வாயைத் திறக்க மாட்டார். கெடு நாள் காலையில்தான் நமக்கே தெரியும். வந்த கேள்வியும் அதுதான்: "சொன்ன தேதிக்கு முடிப்பாரா?"

சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, இவ்வளவோடு நிறுத்திக்கொள்வது ஒரு வழி. நிறுவன விதியே அப்படியென்றால் வேறு பேச்சில்லை. ஆனால் "இங்கே எல்லாருக்கும் இவ்வளவுதான் சொல்வோம்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் அந்த மௌனத்தைக் கேட்பவர் புகாராகவே எடுத்துக்கொள்வார். பிடித்தவருக்கு அரைமணி நேரம் பேசிவிட்டு, இவருக்கு மட்டும் தேதியோடு முடிப்பது எனக்குக் கோழைத்தனமாகப் படுகிறது.

வெறும் புகழ்ச்சி அதைவிட மோசம். "ஓர் உதாரணம் சொல்லுங்கள்" என்றதும் திணறுவோம். திணறாமல் தப்பினாலும், யாரும் கண்காணிக்காத ஒரு வேலையில் அவர் தனியே மாட்டிக்கொள்வார். அடி அவருக்குத்தான்.

நான் மூன்றாவது வழியில் போனேன். முதலில் "என்ன வேலைக்கு எடுக்கிறீர்கள்?" என்று கேட்டேன். லீடின் கீழ் ஐந்து பேர் டீம் என்றார். பிறகு சொன்னது இது: "முதல் வருடம் மூன்று முறை தாமதம் கடைசி நாளில்தான் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு வாரம் இரண்டு தடவை பத்து நிமிடம் உட்கார்ந்து பேசினோம். அப்புறமும் தாமதம் வந்தது, ஆனால் நான்கைந்து நாள் முன்பே சொல்லிவிடுவார். பிழை தேடுவதில் அவருக்கு நிகராக டீமில் ஆள் இல்லை." தாமதம் முழுக்க நின்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை, நிற்கவில்லை.

"திரும்ப எடுப்பீர்களா?" என்ற கேள்வி எப்படியும் வரும். அதில் இழுத்தால் முன்பு சொன்ன நல்லதெல்லாம் போய்விடும். "லீட் இருக்கும் டீமுக்கு எடுப்பேன். தனியாக க்ளையன்ட்டைச் சமாளிக்கும் வேலைக்கு எடுக்க மாட்டேன்" என்றேன்.

இந்த வழியில் ஆபத்தும் உண்டு. ரெஃபரன்ஸ் தரும் முதலாளி முன்னாள் ஊழியர் விஷயத்தில் கவனக்குறைவாக இருக்கக் கூடாது என்று 1994-இல், அப்போது பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை ஸ்பிரிங் வழக்கில் தீர்ப்பளித்தது. அதனால் நானே பார்த்ததை மட்டும் சொன்னேன். அவருடைய மருத்துவ விடுப்பு, மற்றவர்கள் சொன்ன கதை எதையும் தொடவில்லை. "சோம்பேறி", "பொறுப்பில்லை" மாதிரி முத்திரைகளும் கிடையாது.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். ரெஃபரன்ஸாக என் பெயரைக் கொடுக்கலாமா என்று அவர் முன்பே கேட்டிருந்தார். தாமத விஷயத்தைக் கேட்டால் மறைக்க மாட்டேன் என்று அப்போதே சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அந்தப் பத்து நிமிட விஷயத்தையும் சேர்த்துச் சொல்லுங்க சார்" என்றார்.