பெண்டோனைட்டா, டோஃபுவா, கிரிஸ்டலா: சென்னைக் காற்றில் மூன்றும் நடந்துகொள்ளும் விதம்

பூனையின் கழிவு டப்பாவில் போடும் மணலில், பத்து கிலோ பெண்டோனைட் களிமண் மூட்டைக்கு ஆஃபர் வரும்போதெல்லாம் பூனை வளர்ப்பவர்களிடமிருந்து அதே கேள்வி வருகிறது: இதையே வாங்கலாமா, டோஃபுவுக்கு மாறிவிடலாமா, கிரிஸ்டல் எப்படி? மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன். கணக்கெல்லாம் ஃபிளாட்டுக்குள்ளேயே இருக்கும், நாலு கிலோ எடையுள்ள, குட்டை முடிப் பூனை ஒன்றுக்கு. ஊர் சென்னை. ஊரைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பெங்களூரில் நன்றாக இருக்கும் மணல் இங்கே மழைக்காலத்தில் காலை வாரிவிடும்.

முதலில் என் எரிச்சல். பெண்டோனைட்டின் தூசி. மூட்டையில் ‘99% தூசி இல்லாதது’ என்று போட்டிருப்பார்கள். பொய் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பத்து கிலோவில் ஒரு சதவீதம் என்றால் நூறு கிராம். மைதா மாவு போல நூறு கிராம் களிமண் பொடி வீட்டுக்குள் பறந்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். லாரியில் குலுங்கி வரும்போது மணிகள் ஒன்றோடொன்று உரசிப் பொடியாகி, அந்தப் பொடி மூட்டையின் அடியில் போய்ச் சேரும். அதனால்தான் புது மூட்டையின் முதல் பாதி நல்லபிள்ளையாக இருக்கும், கடைசி இரண்டு கிலோ புகை கிளப்பும். போதாததற்குப் பூனை தினமும் தோண்டத் தோண்டப் புதுப் பொடி உருவாகிக்கொண்டே இருக்கும். டப்பா இருக்கும் அறையில் மின்விசிறி இறக்கை, டிவியின் மேல்விளிம்பு, பூனையின் தண்ணீர்க் கிண்ணம் மூன்றையும் விரலால் தடவிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

வாங்கும்போதே சோதிக்கலாம். காய்ந்த கண்ணாடி பாட்டிலில் கால்வாசி மணலைப் போட்டு மூடி, நாலைந்து முறை குலுக்கி, செல்போன் டார்ச்சுக்கு முன்னால் பிடியுங்கள். உள்ளே மூட்டமாகி, வெகுநேரம் அடங்காமல் இருந்தால் அந்த பிராண்டை விட்டுவிடலாம். டப்பாவில் கொட்டும்போது மூட்டையின் வாயை டப்பாவின் தரையோடு ஒட்டி வைத்து மெதுவாகச் சரிக்க வேண்டும். ஓரடி உயரத்திலிருந்து கொட்டினால் பாதி அறைக்குப் போகும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள். தூசி அடங்கக் கால் மணி நேரம் ஆகும், அதுவரை பூனையை உள்ளே விட வேண்டாம். மூட்டையின் அடியில் மிஞ்சும் இரண்டு கைப்பிடியை ஆசைப்படாமல் குப்பையில் போடுங்கள். களிமண்ணில் இயல்பாகவே கொஞ்சம் குவார்ட்ஸ் கலந்திருக்கும், அதன் நுண்தூசி நுரையீரலுக்கு ஆகாது. வீட்டில் யாருக்காவது வீசிங் இருந்தாலோ, பூனைக்கே ஆஸ்துமா இருந்தாலோ பெண்டோனைட் பேச்சையே எடுக்க வேண்டாம்.

இன்னொன்று. சிந்திய பெண்டோனைட்டை ஈரத்துணியால் துடைத்தால் வழவழவென்று சேறாகிவிடும். முதலில் துடைப்பத்தாலோ வேக்குவம் கிளீனராலோ காய்ந்தபடியே எடுத்துவிட்டு, பிறகுதான் ஈரத்துணி. டப்பாவைக் கழுவும்போதும் மிச்ச மணலை வழித்துக் கவரில் கட்டிய பிறகே குளியலறைக்குக் கொண்டுபோக வேண்டும். தரைக்குழியில் போய் ஊறினால் அடைப்பெடுக்க ஆள் கூப்பிட வேண்டிவரும்.

இவ்வளவு திட்டியாகிவிட்டது. இனி நியாயமாகப் பேசுவோம். பெண்டோனைட் கட்டியாகிற விதத்துக்கு மற்ற இரண்டும் பக்கத்தில் வர முடியாது. சோடியம் பெண்டோனைட் ஈரம் பட்டதும் தண்ணீரைத் தன் அடுக்குகளுக்குள் இழுத்துப் பல மடங்கு உப்பும். பக்கத்து மணிகளோடு ஒட்டி, மூத்திரத்தை ஒரே உருண்டையாக மடக்கிவிடும். கால்சியம் வகை அவ்வளவு உப்பாது, கரண்டி பட்டால் உதிரும். மலிவு மூட்டை ஏமாற்றுவது பெரும்பாலும் இங்கேதான். வீட்டிலேயே பார்க்கலாம்: மூன்று அங்குல ஆழத்துக்கு மணலைப் போட்டு, இரண்டு மேசைக்கரண்டி வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றி, கால் மணி நேரம் கழித்து எடுத்து ஓரடி உயரத்திலிருந்து போடுங்கள். உடையாமல் விழுந்தால் நல்ல சரக்கு. ஆழம் மூன்று அங்குலத்துக்குக் குறைந்தால் எவ்வளவு நல்ல பெண்டோனைட்டானாலும் மூத்திரம் அடியைத் தொட்டுச் சிமெண்ட் போல ஒட்டிக்கொள்ளும். நாற்றத்தின் பிறப்பிடம் அந்த ஒட்டல்தான். யூரியாவை பாக்டீரியா உடைத்து அம்மோனியாவாக்குவது அங்கேதான் நிம்மதியாக நடக்கும்.

நான் எதிர்பார்க்காத லாபம் ஒன்றும் இந்தக் கட்டியில் இருக்கிறது. அது பூனையின் மூத்திரக் கணக்கு. நன்றாக இருக்கும் பூனை தினமும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில், ஒரே அளவில் கட்டி வைக்கும். பொதுவாக எலுமிச்சை அளவில் இரண்டு, மூன்று. திடீரென்று சுண்டைக்காய் அளவில் ஏழெட்டு கட்டி இருந்தால் மூத்திரப்பையில் கோளாறு இருக்கலாம். ஆண் பூனை அடிக்கடி டப்பாவில் போய் உட்கார்ந்தும் கட்டியே இல்லையென்றால் குழாய் அடைத்திருக்கலாம். அது உயிர் போகிற விஷயம், காலை வரை காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் ஓட வேண்டும். கட்டிகள் வாரக்கணக்கில் பெருத்துக்கொண்டே போனால் சிறுநீரகம், சர்க்கரை இரண்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். அள்ளும்போதே எண்ணிப் பார்க்கிற பழக்கம் மட்டும் போதும்.

டோஃபு மணலைப் பற்றிக் கெட்டதாகச் சொல்லவே மனம் வராது. சோயா சக்கையும் ஸ்டார்ச்சும் சேர்த்துச் சேமியா போல் பிழிந்து நறுக்கியது. தூசி கிட்டத்தட்ட இல்லை. கனமும் இல்லை, மாடிக்குத் தூக்கிப் போவது சுலபம். காலில் ஒட்டி வீடு முழுக்கப் பரவுவதும் குறைவு. பாட்டில் சோதனையில் மூட்டமே கிளம்பாது. ஆனால் அடிப்படையில் அது உணவுப் பொருள். ஐப்பசி, கார்த்திகையில் திறந்து வைத்த பாக்கெட் ஈரத்தை உறிஞ்சி நமுத்துவிடும். வண்டு விழும், எறும்பு வரும். டப்பாவில் கட்டி கொஞ்சம் உடைந்து அடியில் தங்கினால் புளித்த மாவு வாடை கிளம்பும், அதற்கு அடுத்தது பூஞ்சைதான். பெண்டோனைட்டை தினமும் அள்ளி, குறைந்ததை நிரப்பினால் மாதம் ஒருமுறை முழுதாக மாற்றினால் போதும். இங்குள்ள மழைக்காலத்தில் டோஃபுவை இரண்டு வாரத்துக்கு மேல் நம்ப முடியாது. கட்டியும் முதல் சில நிமிடங்கள் குழைவாக இருப்பதால் உடனே கரண்டியை விடக் கூடாது, அரை மணி நேரமாவது இறுகட்டும். ‘டாய்லெட்டில் போட்டு ஃப்ளஷ் செய்யலாம்’ என்பதைக் கண்டுகொள்ளாதீர்கள். ஊறிய ஸ்டார்ச் குழாயில் தங்கும். பூனைக் கழிவில் இருக்கக்கூடிய டாக்ஸோபிளாஸ்மா கிருமி கழிவுநீரோடு வெளியே போவதும் நல்லதல்ல. கவரில் கட்டிக் குப்பையில் போடுங்கள்.

பைன் மரத்தூள் உருளைகளும் செடிவகைதான். ஈரம் பட்டால் கட்டியாகாமல் தூளாக உதிரும் என்பதால் அதற்குச் சல்லடை வைத்த இரட்டை டப்பா வேண்டும். பழகிய பூனைக்குப் பரவாயில்லை, நடுவில் மாற்றினால் தகராறு.

கிரிஸ்டல் என்பது சிலிக்கா ஜெல். மருந்து பாட்டிலுக்குள் வரும் சின்னப் பொட்டலத்தில் இருப்பதன் அண்ணன். கட்டியாகாது, மூத்திரத்தை உள்ளே இழுத்துக்கொண்டு மேலே காய்ந்து நிற்கும். முதல் வாரத்தில் நாற்றத்தை அடக்குவதில் இதற்கு நிகர் இல்லை, மனமாரச் சொல்கிறேன். கக்காவை மட்டும் அள்ளி, தினமும் ஒருமுறை கிளறிவிட்டால் போதும். சிக்கல் என்னவென்றால், அது மூத்திரத்தை மட்டும் குடிப்பதில்லை, காற்றையும் குடிக்கிறது. சமையலறைத் தராசில் நூறு கிராம் கிரிஸ்டலைத் தட்டில் பரப்பி, பூனை தொடாத இடத்தில் ஒரு வாரம் வைத்து மறுபடி நிறுத்துப் பாருங்கள். கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் பூனைக்குப் போகாமல் வீணான கொள்ளளவு. பாக்கெட்டில் ஒரு மாதம் என்று எழுதியிருந்தால் நம் மழைக்காலத்தில் பாதியைத்தான் நம்பலாம். நிறைந்தபின் மெல்ல மெல்ல நாறாது; ஒரே நாளில் மொத்தமும் நாறும். மணிகள் முழுக்க மஞ்சளாகி, கிளறியதும் அடியில் ஈரம் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். மேலே சொன்ன கட்டிக் கணக்கும் இதில் கிடைக்காது.

செலவு. எங்கள் பக்கத்துக் கடை விலையில் பெண்டோனைட் கிலோ சுமார் அறுபது ரூபாய். நிரப்புவதும் சேர்த்து மாதம் எட்டு கிலோ, கிட்டத்தட்ட 480 ரூபாய். டோஃபு கிலோ 250 ரூபாய், நாலு கிலோ பிடிக்கும், ஆயிரம் ஆகும். கிரிஸ்டல் ஒரு பாக்கெட் 650 ரூபாய். வெயில்காலத்தில் ஒன்று, மழைக்காலத்தில் இரண்டு.

பூனையின் அபிப்பிராயம் இதற்கெல்லாம் மேல். பெரும்பாலான பூனைகளுக்கு நைசான, வாசனை சேர்க்காத மணல்தான் பிடிக்கும். லாவெண்டர் வாசனை நமக்காகப் போடுவது. உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஒரே அளவு டப்பா இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு மணல் போட்டு, சில நாளில் இடத்தை மாற்றி, எதை அதிகம் பயன்படுத்துகிறது என்று பாருங்கள். பிடிக்காத பூனை டப்பாவின் விளிம்பில் கால் வைத்து நிற்கும், தோண்டாது, மணலை விட்டுச் சுவரைப் பிராண்டும், முடிந்ததும் பாதத்தை உதறிக்கொண்டு ஓடும். கிரிஸ்டலில் மூத்திரம் பட்டதும் படபடவென்று வரும் சத்தத்துக்கே மிரளும் பூனைகள் உண்டு. மாற்றுவதானால் பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து, வாராவாரம் கூட்டிக்கொண்டு போங்கள். நாலு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்குக் கட்டியாகும் மணலே வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும்.

டோஃபுவை இவ்வளவு புகழ்ந்துவிட்டு அடுத்து எதை வாங்குவாய் என்று கேட்டால், பெண்டோனைட்தான். கோபத்தோடுதான் வாங்குகிறேன். பத்து கிலோ ஆஃபரை மட்டும் தொட மாட்டேன்; அந்த பிராண்டில் ஐந்து கிலோ வாங்கிக் குலுக்கிப் பார்த்த பிறகு யோசிப்பேன். தூசி ஒத்துக்கொள்ளாத வீடென்றால் டோஃபு வாங்குங்கள். அப்போதும் சின்ன பாக்கெட்டாக வாங்கி, திறந்ததும் ரப்பர் வளையம் வைத்த அரிசி டிரம்மில் கொட்டி இறுக்கி மூடுங்கள். டப்பாவில் இரண்டு அங்குலத்துக்கு மேல் போடாதீர்கள், எப்படியும் இரண்டு வாரத்தில் கொட்டப்போவதுதானே.