கால் ஊறவைக்கும் “டிடொக்ஸ் பந்து” வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

ஏப்ரல் சீசனுக்கு நுவரெலியா போயிருந்தோம். பூங்காப் பக்கம் வரிசையாகப் போட்டிருந்த தற்காலிகக் கடைகளில் ஒன்றில், அழகான பெட்டியில் ஆறு பந்துகள். கிரிக்கட் பந்தைவிடக் கொஞ்சம் சிறியவை, வெளிர்பச்சை நிறம், வாசம் தூக்கலாக. பெட்டி 1,800 ரூபா. விற்ற தம்பி நல்ல பேச்சுக்காரர். “மிஸ், ஒரு பந்த சுடுதண்ணி பேசின்ல போட்டு அரை மணித்தியாலம் கால வச்சிருங்க. உள்ள இருக்கிற நஞ்செல்லாம் இறங்கும். தண்ணியே கறுக்கும் பாருங்க” என்றார். அம்மாவின் பித்தவெடிப்பைப் பார்த்ததும், “அம்மாவுக்கு இதுதான் மருந்து” என்றும் சொன்னார்.

அம்மா முப்பது வருசத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். ஈர மலையில் நின்று நின்று குதிகாலில் சில்லுச் சில்லாக வெடிப்பு. அதோடு சுகரும் இருக்கிறது. கடைக்காரரிடம் சுகர் இருப்பதைச் சொன்னேன். “இயற்கைப் பொருள்தானே, ஒன்றும் செய்யாது” என்று பெட்டியைக் கையில் தந்துவிட்டார். பில்லும் வாங்காமல் வந்தது என் மடத்தனம்.

அன்று இரவே ஆளுக்கொரு பேசினில் தண்ணீர் ஊற்றி, ஆளுக்கொரு பந்து போட்டோம். சோடாப் போத்தல் திறந்த மாதிரி நுரைத்தது. ஐந்து நிமிடத்தில் தண்ணீர் தேயிலைச் சாயம்போல ஆனது. அம்மாவுக்கு ஒரே ஆச்சரியம், “பாத்தியா புள்ள, எவ்வளவு அழுக்கு!” என்றார். கொஞ்ச நேரத்தில் கால் குளுகுளுவென்று இருந்தது. “ஆறிப்போச்சு, இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றார். கேத்தலில் கொதித்ததை நானே ஊற்றினேன். இரண்டு தடவை.

கால் கழுவும்போதே என் கணுக்காலுக்கு மேலே, தண்ணீர் நின்ற மட்டத்தில், கோடு கிழித்ததுபோல ஒரு சிவப்பு வளையம். விடிவதற்குள் எரிச்சல். அம்மாவோ வலியே இல்லை என்றார். இரண்டாம் நாள் அவர் காலுறை கழற்றும்போதுதான் கண்டேன்: புறங்காலில் இரண்டு கொப்புளம், குதிகால் வெடிப்பு இறைச்சி நிறத்தில் திறந்து கிடந்தது. ஆஸ்பத்திரியில் டொக்டர் பார்த்துவிட்டு, சுடுதண்ணீர்க் காயமும் இரசாயன எரிச்சலும் சேர்ந்தது என்றார். சுகரால் அம்மாவின் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருப்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. ஆற மூன்று கிழமை எடுத்தது.

கடைக்காரருக்குப் போன் எடுத்தேன். “அது கழிவு வெளியேறுகிறது மிஸ், நல்ல அறிகுறி” என்றார். மறுநாள் என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார்.

சரி, கோபத்தில் நானே பார்த்துவிடலாம் என்று மூன்றாவது பந்தை எடுத்து, கால் வைக்காமல், சுத்தமான தண்ணீரில் போட்டேன். அதே சாயத்தண்ணீர்! நான்காவதைக் கத்தியால் வெட்டினேன். வெளியே பச்சை, நடுவில் செங்கல் நிறத்தில் ஒரு உருண்டை. பச்சையும் சிவப்பும் கலந்தால் மண்ணிறம் வரும் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். எங்கள் காலிலிருந்து எதுவும் இறங்கவில்லை. தோல் வழியாக “நஞ்சு” தண்ணீருக்குள் வடியாது. அந்த வேலையை ஈரலும் சிறுநீரகமும் பார்க்கின்றன.

பெட்டியில் தமிழிலும் சிங்களத்திலும் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நீராவியில் காட்டி மெல்ல உரித்தேன். அடியில் ஒரு குளியல் தொட்டியின் படம். ஒரு தொட்டிக்கு ஒரு பந்து என்று அச்சடித்திருந்தது. இது கால் ஊறவைக்கும் பொருளே இல்லை, முழு உடம்போடு படுத்துக் குளிக்கும் தொட்டிக்குப் போடும் பாத் பொம். நம் ஊரில் யார் வீட்டில் தொட்டி இருக்கிறது? விற்க வேண்டும் என்பதற்காகக் காலுக்கு என்று மாற்றி ஒட்டியிருக்கிறார்கள்.

பந்து 120 கிராம். தொட்டியில் 150 லீற்றர் தண்ணீர் என்று வைத்தால், லீற்றருக்கு ஒரு கிராம்கூட வராது. நாங்கள் போட்டதோ 4 லீற்றர் பேசினில், லீற்றருக்கு 30 கிராம். அதாவது தொட்டியில் இருக்க வேண்டியதைவிட முப்பத்தேழு மடங்குக்கும் மேல் கடுப்பான தண்ணீர்.

அந்தத் தண்ணீரில் என்ன இருந்தது? நுரைப்பது அப்பச்சோடாவும் சிட்ரிக் அமிலமும். ஈரம் பட்டதும் இரண்டும் சேர்ந்து காபனீரொட்சைட்டு வாயுவைக் கிளப்பும், அவ்வளவுதான், அதில் வைத்தியம் ஒன்றும் இல்லை. வழக்கமாக அப்பச்சோடாவை இரண்டு பங்கும் அமிலத்தை ஒரு பங்கும் போடுவார்கள். அதனால் சோடா மிஞ்சி, தண்ணீர் காரத்தன்மையாகும். நம் தோல் இலேசான அமிலத்தன்மை கொண்டது. அதனால் அரை மணி நேரம் அந்தத் தண்ணீரில் ஊறினால் தோலின் காப்பு தளர்ந்துவிடும். அப்படித் தளர்ந்த தோலில், அதுவும் வெடிப்புக்குள், வாசனைப் பொருள் இறங்கினால் எரியாமல் என்ன செய்யும்? ஸ்டிக்கருக்கு அடியில் லிமோனீன், லினலூல், மெந்தோல் என்று வரிசையாக எழுதியிருந்தது. முதல் இரண்டும் வாசனைக்கு. காற்றுப்பட்டுப் பழசானால் ஒவ்வாமை தருவதில் பெயர் போனவை. மெந்தோல் தோலின் குளிர் நரம்பைத் தூண்டி, சூட்டைக் குளிர்ச்சி மாதிரிக் காட்டும். அம்மா “ஆறிப்போச்சு” என்றது தண்ணீர் ஆறியதால் இல்லை.

தோல் சிவந்தால், அது எரிச்சலா ஒவ்வாமையா என்று நேரத்தை வைத்து ஓரளவு பிரிக்கலாம். தண்ணீரில் இருக்கும்போதோ சில மணி நேரத்திலோ தொடங்கி, தண்ணீர் பட்ட இடத்தோடு நின்றால் அநேகமாக எரிச்சல். எனக்கு வந்தது அதுதான். ஒன்றிரண்டு நாள் கழித்து வந்து, எரிவதைவிட அரித்து, தண்ணீர் படாத இடத்துக்கும் பரவினால் ஒவ்வாமை என்று சந்தேகிக்க வேண்டும். அப்புறம் அந்த வாசனை எதில் இருந்தாலும் தோல் கிளம்பும். இரண்டுக்குமே முதல் வேலை ஒன்றுதான்: பச்சைத் தண்ணீரால் நன்றாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, வாசமில்லாத பெட்ரோலியம் ஜெலி பூசுவது. கொப்புளம் வந்தால் உடைக்காமல் டொக்டரிடம் போங்கள்.

குளியல் உப்பு, எப்சம் உப்பு எல்லாம் பொய்யா என்று தங்கச்சி கேட்டாள். சுகமாக இருப்பது உண்மைதான், ஆனால் அதில் பெரும்பங்கு வெதுவெதுப்பான தண்ணீருடையது. எப்சம் உப்பில் உள்ள மக்னீசியம் தோல் வழியாகப் போதுமான அளவு உள்ளே போகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. நலமான பாதம் என்றால் ஒரு பேசினுக்கு ஒரு பிடி உப்பு, பத்துப் பதினைந்து நிமிடம் போதும். வெடிப்பில் எரிந்தால் உடனே காலை எடுத்துவிட வேண்டும்.

சுகர்காரருக்கு அதுவும் வேண்டாம் என்றார் ஆஸ்பத்திரி நர்ஸ். ஊறினால் தோல் நொந்து, பிறகு காய்ந்து இன்னும் வெடிக்குமாம். இப்போது அம்மாவுக்குக் கழுவுவது மட்டும்தான், ஊறவைப்பது இல்லை. தண்ணீர் 37 பாகைக்குக் கீழே இருக்க வேண்டும், சூட்டை நான் முழங்கையால் பார்க்கிறேன். விரலிடுக்கைத் துடைத்து, குதிகாலில் மட்டும் கிறீம், விரலிடுக்கில் பூசுவதில்லை. வெடிப்பு முன்னைவிடக் குறைந்திருக்கிறது.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு முறைப்பாடு சொல்லியிருக்கிறேன். பில் இல்லாதது பெரிய குறைதான், ஆனால் உரித்த ஸ்டிக்கரும் பெட்டியும் பத்திரமாக இருக்கின்றன. மிச்சம் இரண்டு பந்தையும் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்தேன். எங்கள் ஊர் மூடுபனி ஈரத்தில் அவை இப்போதே கொப்புளித்து ஊதிப்போய்க் கிடக்கின்றன. அம்மா அந்த டின்னைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்க விடுவதில்லை.