ஒரே டிவியில் இரண்டு பேர்: கேமராவைப் பார்த்துவிட்டுக் கன்ட்ரோலர் வாங்குங்கள்

கோபியில் எங்கள் வீட்டு 32 இன்ச் டிவியில் லேப்டாப்பை மாட்டி, அக்கா மகனும் நானும் ஒரு வருஷத்துக்கு மேலாகச் சேர்ந்து கேம் ஆடுகிறோம். "ரெண்டு பேருக்கு ரெண்டு கன்ட்ரோலர் வேணுமா?" என்று சொந்தக்காரர்கள் அடிக்கடி கேட்பார்கள். அந்தக் கேமில் கேமரா, அதாவது திரையில் காட்சியைக் காட்டும் கோணம், யார் கையில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

ஓவர்குக்டு 2 என்ற சமையல் கேமில் சமையலறை முழுவதும் ஒரே கேமராவில் தெரியும். யாரும் அதைத் திருப்ப வேண்டியதில்லை என்பதால் வலது ஸ்டிக்குக்கு வேலை இல்லை. அதனால் ஒரே கன்ட்ரோலரில் இடது பாதி ஒருவருக்கு, வலது பாதி இன்னொருவருக்கு என்று பிரித்துக் கொடுக்க அந்தக் கேமே வழி வைத்திருக்கிறது. நாங்கள் முதலில் ஆடியது அப்படித்தான். ஆளுக்கொரு கைப்பிடியைப் பிடித்துக்கொள்வோம். அவசரத்தில் அவன் இழுத்தால் என் விரல் பட்டனை விட்டு நழுவிவிடும். கொஞ்ச நேரத்துக்குச் சரி, ராத்திரி முழுக்க ஆட ஆகாது.

இட் டேக்ஸ் டூ அப்படியல்ல. திரை இடம் வலமாகப் பிரிந்து ஆளுக்கொரு கேமரா கிடைக்கும். வலது ஸ்டிக் கேமராவுக்கே வேண்டும், பங்கு போட வழியில்லை. கம்ப்யூட்டரில் ஒருவர் கன்ட்ரோலரிலும் மற்றவர் கீபோர்டு மவுஸிலும் ஆடலாம். அதனால் ஒரு கன்ட்ரோலர் போதும். சோபாவில் மவுஸ் நகர இடம் வேண்டுமே, மடியில் பரீட்சை அட்டை வைத்து நான் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொள்கிறேன்.

திரை எப்படிப் பிரிகிறது என்பதும் ஆட்டத்தை மாற்றும். எங்கள் டிவியில் படம் சுமார் 71 செ.மீ. அகலம், 40 செ.மீ. உயரம். இடம் வலமாகப் பிரித்தால் ஆளுக்கு 35-க்கு 40, ஏறிக் குதிக்கும் கேமுக்கு அது தோது. மேல் கீழாகப் பிரித்தால் 71-க்கு 20 தான். அப்படிப் பிரியும் ஒரு கேமில், "மாமா, மேல எங்க ஏறறதுன்னே தெரியலீங்க" என்றான். கார் ரேஸுக்கு மட்டும் அந்த அகலம் நல்லது, வளைவும் பக்கத்து வண்டியும் முன்கூட்டியே கண்ணில் படும்.

அவரவர் பாதி இருக்கும் பக்கத்திலேயே உட்காருங்கள். மாறி உட்கார்ந்தால் கண் அடுத்தவர் பாதிக்கு ஓடிவிடும்.

லேப்டாப் திணறினால் முதலில் ரெசல்யூஷனைக் குறைத்துப் பாருங்கள். அப்படியும் வேகம் கூடவில்லை என்றால் சிக்கல் பெரும்பாலும் பிராசஸரில். திரையைப் பிரித்தாலும் மொத்தப் பிக்சல் அதேதான், ஆனால் இரண்டு கேமராவுக்கும் காட்சியைத் தனித்தனியாகத் தயார் செய்ய வேண்டியிருக்கிறது. எங்களுக்கு நிழல் அமைப்பைக் குறைத்ததும் சரியாகிவிட்டது.