மூலை கிழிந்த திருமணப் படமும் இரண்டு ஆண்டு இன்பெயிண்டிங் அனுபவமும்

எங்கள் வீட்டிலும் உறவினர் வீடுகளிலும் கிடந்த பழைய படங்களின் கிழிந்த மூலைகளை இரண்டு ஆண்டுகளாக, சுற்றியுள்ள பகுதியைப் பார்த்து விடுபட்ட இடத்தைக் கணினியே ஊகித்து வரையும் இன்பெயிண்டிங் முறையில் நிரப்பி வருகிறேன். நான் பயன்படுத்துவது ஐஓபெயிண்ட் என்னும் இலவச மென்பொருளையும் அதற்குள் இயங்கும் லாமா மாடலையும்தான். கிராபிக்ஸ் கார்டு இல்லாத என் மடிக்கணினியிலேயே, சற்று மெதுவாக, இது ஓடுகிறது. தொடங்கும் கட்டளை இதுதான்:

```
iopaint start --model=lama --device=cpu --port=8080
```

அதிகம் கற்றுத் தந்தது தாத்தா பாட்டியின் திருமணப் படம். ஸ்டுடியோவில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படமான அதில் மேல் இடது மூலையும் கீழ் வலது மூலையும் போயிருந்தன. 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்து, மேல் மூலையில் படம் இல்லாத இடத்தை மட்டும், நிரப்ப வேண்டிய பகுதி என்று துல்லியமாக மாஸ்க் வரைந்து குறித்தேன். நிரப்பிய பகுதி முழுவதும் வெண்புகை படர்ந்தாற்போல வந்தது. கிழிந்த விளிம்பில் மேற்பூச்சு உரிந்து தாளின் வெள்ளை நார் தெரிகிறது, அதையும் படம் என்றே மாடல் எடுத்துக்கொள்கிறது என்பது பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் புரிந்தது. மாஸ்க்கை நல்ல பகுதிக்குள் சுமார் 15 பிக்சல் தள்ளி வரைந்ததும் புகை மறைந்தது.

அடுத்த சிக்கல் அளவு. ஓர் அங்குல மூலை என்றால் 600 பிக்சல். லாமாவோ 256 பிக்சல் துண்டுகளில் பயின்றது, அவ்வளவு பெரிய வெற்றிடத்தில் தடுமாறும். நடுப்படத்துக் கீறலுக்கு நான்கு புறமும் சான்று இருக்கும், மூலைக்கு அது பாதிதான். எனவே படத்தைக் கால் அளவுக்குச் சுருக்கி நிரப்பி, மீண்டும் பெரிதாக்கி, விடுபட்ட பகுதியை மட்டும் கிம்ப் என்னும் படத் திருத்த மென்பொருளில் தனி லேயராக ஒட்டுகிறேன். பின்னணித் திரை ஏற்கெனவே மங்கல் என்பதால் கூர்மை குறைந்தது உறுத்தவில்லை. ஆனால் பழைய படத்துக்குரிய பொடிமணல் போன்ற கிரெய்ன் அங்கே இல்லாததால் பிளாஸ்டிக் ஒட்டுப் போலத் தெரிந்தது. லேயரில் சிறிது நாய்ஸ் சேர்த்து, அதை மிக லேசாக மங்கலாக்கினால் பொருந்திவிடும். கர்வ்ஸில் கான்ட்ராஸ்டை வலிந்து ஏற்றிப் பார்த்தால், ஒட்டு சரியில்லாத இடம் உடனே காட்டிக்கொடுத்துவிடும். படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தை மட்டும் மாடலிடம் விடாதீர்கள், கோடு நெளியும். அதை வெட்டி எடுத்துவிட்டுக் கடைசியில் கையால் வரைவதே நல்லது.

கீழ் மூலையில் இருந்தது தாத்தாவின் வலது பாதம். லாமா தரைவிரிப்பை நீட்டி, வேட்டியின் கரையை அந்தரத்தில் நிறுத்தியது. புதிதாகப் படங்களையே உருவாக்கும் ஸ்டேபிள் டிஃப்யூஷன் மாடலின் இன்பெயிண்டிங்கில் முயன்றபோது, பளபளக்கும் கறுப்பு ஷூ ஒன்று அச்சு அசலாக வந்தது. பாட்டியிடம் காட்டினேன்.

"அன்னைக்கு அவர் செருப்பே போடலைப்பா, கால்ல மிஞ்சிதான் இருந்துச்சு," என்றார்.

அந்த மூலையைத் தாளின் வெளிர் பழுப்பு நிறத்திலேயே விட்டு, கிழிசல் தெரியும்படி அச்சிட்டுக் கொடுத்தேன்.