மூலைப்புள்ளியா, சம லாபக் கோடா: லேத் நேரமும் ஆள் நேரமும் இழுபறி செய்யும்போது

இரண்டே பொருள் செய்கிற சின்னப் பட்டறைக்கு, எதை எத்தனை செய்வது என்று முடிவெடுக்க ஒரு வரைபடத் தாள் போதும். தாளில் கோடு போடும் வரை யாருக்கும் தகராறு இல்லை. போட்டு முடித்த பிறகு விடையை எப்படிப் படிப்பது என்பதில்தான் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, மூலைப்புள்ளிகளைக் கணக்கிட்டுப் பார்ப்பது. இன்னொன்று, சம லாபக் கோட்டை நகர்த்திப் பார்ப்பது. இரண்டும் ஒரே விடையைத்தான் தரும், ஆனால் அந்த விடையோடு சேர்ந்து வருகிற விவரம் ஒன்றல்ல.

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். ஒரு பட்டறையில் புஷ், ஃபிளாஞ்ச் என்று இரண்டு உருப்படிகள். இரண்டையும் செட் செட்டாகச் செய்கிறார்கள். ஒரு செட் புஷ்ஷுக்கு லேத்தில் 2 மணி நேரமும், பிசிறு எடுத்து அளவு பார்க்க 3 ஆள்-மணி நேரமும் ஆகும். ஒரு செட் ஃபிளாஞ்சுக்கு லேத்தில் 4, ஆள் வேலை 2. வாரத்துக்கு லேத் 80 மணி நேரம் ஓடும். ஆள் நேரம் 84. ஒரு செட் புஷ்ஷில் கையில் நிற்பது 400, ஃபிளாஞ்சில் 600. புஷ் x செட், ஃபிளாஞ்ச் y செட் என்று வைத்தால்:

```
லாபம்    = 400x + 600y
லேத்:   2x + 4y <= 80
ஆள்:    3x + 2y <= 84
x, y >= 0
```

இந்த 400, 600 எப்படி வந்தன என்பதில் கவனம் வேண்டும். விற்பனை விலையிலிருந்து, செட்டுக்குச் செட் கூடுகிற செலவை மட்டும் கழிக்க வேண்டும். பட்டறை வாடகையைப் பங்கு போட்டு இதில் நுழைத்துவிட்டால் கோட்டின் சாய்வே மாறிவிடும். ஆட்களுக்கு வாரச் சம்பளம் என்றால் அதுவும் அப்படித்தான், கழிக்கக் கூடாது.

வரைபடம் இல்லாமல் முடிவெடுப்பவர்கள் வழக்கமாக மூன்று விதமாகச் சொல்வார்கள். ஃபிளாஞ்சில் செட்டுக்கு 600 கிடைக்கிறது, அதையே செய்வோம் என்பார் ஒருவர். லேத் மணிக்கு புஷ் 200 தருகிறது, ஃபிளாஞ்ச் 150தான், அதனால் புஷ் என்பார் இன்னொருவர். ஆள் மணிக்குப் பார்த்தால் ஃபிளாஞ்ச் 300, புஷ் 133 என்பார் மூன்றாமவர். ஃபிளாஞ்ச் மட்டும் செய்தால் லேத் 20 செட்டோடு தீர்ந்துவிடும், லாபம் 12,000. புஷ் மட்டும் என்றால் ஆள் நேரம் 28 செட்டோடு தீரும், 11,200. மூவரும் ஒரே ஒரு நேரத்தைப் பார்க்கிறார்கள், அல்லது எதையுமே பார்ப்பதில்லை. இங்கே இரண்டு நேரமும் சேர்ந்து இறுக்குகின்றன.

சரி, கோடு போடுவோம். லேத் கோடு (40, 0) முதல் (0, 20) வரை. ஆள் கோடு (28, 0) முதல் (0, 42) வரை. இரண்டுக்கும் கீழே, அச்சுகளுக்குள் அடங்கும் நாற்கரம்தான் இயலும் பகுதி. அதன் மூலைகள் (0, 0), (28, 0), (0, 20), அப்புறம் இரண்டு கோடுகளும் வெட்டும் இடம். அந்த இடத்தைத் தாளில் கண்ணால் படிக்காதீர்கள். பென்சில் கோட்டின் தடிமனிலேயே 21, 10 என்று தோன்றும், அதைச் செய்யப்போனால் லேத்துக்கு 82 மணி நேரம் வேண்டும். இரண்டு சமன்பாட்டையும் தீர்த்தால் x = 22, y = 9. லாபம் 14,200.

மூலைப்புள்ளி முறை இங்கேயே முடிந்துவிடுகிறது. நான்கு புள்ளி, நான்கு பெருக்கல், பெரியது எதுவோ அது விடை. இதன் பலம் துல்லியம். இதன் ஆபத்து, எது மூலை என்று குழம்புவது. படத்தைச் சரியாக நிழலிடாமல், கோடு அச்சைத் தொடும் புள்ளிகளையெல்லாம் பட்டியலில் சேர்த்துவிடுவார்கள். (0, 42) உள்ளே வந்துவிட்டால் லாபம் 25,200 என்று காட்டும். மனசு உடனே அதில் ஒட்டிக்கொள்ளும். பிழையைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு: விடையை இரண்டு கட்டுப்பாட்டிலும் போட்டுப் பாருங்கள். 42 செட் ஃபிளாஞ்சுக்கு லேத் 168 மணி நேரம் ஓட வேண்டும், நம்மிடம் இருப்பது 80.

சம லாபக் கோடு வேறு விதம். ஏதாவது ஒரு லாபத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 6,000 என்று வைப்போம். புஷ் மட்டும் என்றால் 15 செட், ஃபிளாஞ்ச் மட்டும் என்றால் 10 செட். (15, 0)-ஐயும் (0, 10)-ஐயும் இணைத்தால் அந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் லாபம் 6,000. மூலைமட்டத்தை வைத்து, சாய்வு மாறாமல் அதை வெளிப்பக்கமாக நகர்த்துங்கள். நாற்கரத்தை விட்டு விலகும் முன் கடைசியாக எந்தப் புள்ளியைத் தொடுகிறதோ அதுதான் விடை. இங்கேயும் (22, 9)தான்.

மூலைப் பட்டியல் சொல்லாத ஒன்றை இந்தக் கோடு சொல்லும். கோடு எந்த அளவு சாய்ந்திருக்கிறது என்று கண்ணெதிரே தெரிகிறது. குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் பார்த்தால், லேத் கோட்டின் சாய்வு 1/2, ஆள் கோட்டின் சாய்வு 3/2, லாபக் கோடு 400/600, அதாவது 2/3. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வரை (22, 9) அசையாது. ஃபிளாஞ்ச் 600 என்று நின்றால், புஷ் லாபம் 300 முதல் 900 வரை எங்கே போனாலும் இதே உற்பத்தித் திட்டம்தான். ஆனால் 2/3 என்பது லேத் கோட்டின் பக்கம் ஒட்டி நிற்கிறது. புஷ்ஷுக்கான கம்பி விலை ஏறி லாபம் 280 ஆகிவிட்டால், கோடு படுத்துப்போய் (0, 20)-ஐத் தொடும். அங்கே 12,000, பழைய திட்டத்தில் 11,560. சரியாக 300 என்றால் லாபக் கோடு லேத் கோட்டின் மேலேயே படியும். (0, 20) முதல் (22, 9) வரை அந்த விளிம்பில் எங்கே நின்றாலும் 12,000. மூலைப் பட்டியல் இரண்டு இடத்தில் 12,000 என்று மட்டும் காட்டும். நடுவே இருக்கும் வசதி, உதாரணமாக 10 செட் புஷ், 15 செட் ஃபிளாஞ்ச், அதில் தெரியாது.

சம லாபக் கோட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு. சாய்வுகள் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் கண் ஏமாறும். புஷ் 310 என்றால் சாய்வு 0.517, லேத் கோடு 0.5. மூலைமட்டம் ஒரு மயிரிழை வழுக்கினால் தப்பான மூலையில் போய் நிற்கும். அந்த நேரத்தில் பெருக்கிப் பார்ப்பதுதான் கதி: 12,220-க்கு எதிரே 12,000.

என் பார்வையில், விலையும் செலவும் அடிக்கடி ஆடுகிற சின்னப் பட்டறைக்குச் சம லாபக் கோடே முதல் வழி. எந்த மூலை, அது எவ்வளவு உறுதியாக நிற்கிறது என்பதை அதில் பார்த்துவிட்டு, எண்ணை மட்டும் சமன்பாட்டில் எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவது பொருள் ஒன்று சேர்ந்தால் தாளில் வரைய இயலாது, அப்போது மூலை வழிதான் கைகொடுக்கும். 1947-ல் அமெரிக்கக் கணித அறிஞர் ஜார்ஜ் டான்ட்சிக் தந்த சிம்ப்ளெக்ஸ் முறையே மூலைக்கு மூலை தாவிப்போகும் கணக்குத்தான்.

கூடுதல் நேரம் பற்றிய கேள்விக்கும் அதே வெட்டுப்புள்ளி பதில் தரும். லேத் 81 மணி நேரம் என்று வைத்து மறுபடி தீர்த்தால் x = 21.75, y = 9.375, லாபம் 14,325. ஒரு லேத் மணி 125 பெறும். அதேபோல ஒரு ஆள் மணி கூட்டினால் 50தான் ஏறும். ஓவர்டைம் கூலி மணிக்கு 50-ஐத் தாண்டினால் ஆளைக் கூடுதல் நேரம் வேலை வாங்குவதில் பயனில்லை.

லேத் 82 மணி நேரம் கிடைத்தால் விடை (21.5, 9.75) என்று வரும். அரை செட்டை அடுத்த வாரம் முடிக்கலாம் என்றால் அப்படியே விடுங்கள். வாரத்துக்குள் முழு செட்டாக முடிய வேண்டும் என்றால் 22, 10 என்று மேலே தள்ளாதீர்கள், லேத் 84 மணி நேரம் கேட்கும். 21, 9 என்று கீழே இறக்கினால் 13,800தான். பகுதிக்குள் பக்கத்தில் இருக்கும் முழு எண் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பாருங்கள்: 21 புஷ், 10 ஃபிளாஞ்ச், லேத் சரியாக 82, ஆள் 83, லாபம் 14,400.