லொறிக்கு ஜிபிஎஸ்ஸும் டீசல் சென்சரும் போட்டு ஓடுறன், போடலாமா எண்டு கேட்ட ஆக்களுக்கு

வாழைச்சேனையில லொறி வெச்சிருக்கிற கூட்டாளி ஒராள் ராத்திரி கோல் எடுத்து, இப்ப விலை குறைஞ்சிருக்காம் மச்சான், நீ போட்டிருக்கிறதானே, போடலாமா எண்டு கேட்டான். போனில சொல்லி முடியிற கதை இல்ல, அதான் இதில எழுதுறன்.

என்ட லொறி சம்மாந்துறை மில்லுல அரிசி ஏத்தி கொழும்புக்கும் கண்டிக்கும் ஓடுறது. லொறி எங்க நிக்குது எண்டு பாக்கத்தான் முதல்ல போட்டது, உண்மையச் சொன்னா அதால பெரிய லாபம் ஒண்டும் இல்ல, டிரைவருக்கு கோல் எடுத்தா அவரே சொல்லுவார். சல்லிய மிச்சம் பிடிச்சுத் தந்தது ஐட்லிங் ரிப்போட்தான், அதாவது லொறி நகராம எஞ்சின் மட்டும் ஓடின நேரம்.

மில் கியூவுல நிண்ட ஒரு நாளைக்கு 5 மணித்தியாலம் ஐட்லிங் எண்டு காட்டிச்சு. எங்கட சைஸ் லொறி சும்மா நிண்டு ஓடினா மணிக்கு 2 லீட்டர் மட்டில குடிக்கும், அப்ப 10 லீட்டர், லீட்டர் 300 ரூபா எண்டு வெச்சாலும் 3000 ரூபா ஒரு சாமானும் ஏத்தாமலே போகுது. டிரைவர் அண்ணனிட்டக் கேட்டா, "முதலாளி, நான் சாவியப் போட்டு ரேடியோதான் கேட்டன், எஞ்சின் அவ்வளவு நேரம் ஓடல்ல" எண்டார். அவர் சொன்னதுலயும் உண்மை இருந்திச்சு, ஏனெண்டா பொருத்தின பொடியன் வயர எடுத்தது சாவியில இருந்து, சாவி ஒன்ல இருந்தாலே அந்தப் பெட்டி எஞ்சின் ஓடுது எண்டு எழுதிப்போடும். பெட்டரி வோல்டேஜயும் சேத்துப் பாத்தாத்தான் சரியா விளங்கும். 24 வோல்ட் லொறியில எஞ்சின் நிண்டா 25 கிட்ட நிக்கும், ஓல்டனேட்டர் சார்ஜ் பண்ணினா 28 கிட்டப் போகும். அப்பிடிப் பாத்தா ரேடியோ ஒண்டரை மணித்தியாலம், எஞ்சின் மூண்டரை மணித்தியாலம்.

அந்த மூண்டரை ஏன் எண்டு தேடினதுதான் எனக்குப் பெரிய சந்தோசம். பெட்டரி பழசு, கியூ ஒவ்வொரு லொறியா நகரேக்க ஓஃப் பண்ணினா திரும்ப ஸ்டாட் ஆகாதோ எண்டு பயந்து மனுசன் ஓஃப் பண்ணாமலே இருந்திருக்கார். பெட்டரி மாத்தின பிறகு கியூவுல ஐட்லிங் அரை மணித்தியாலத்துக்குள்ள வந்திட்டு. பிரேக்குக்குக் காத்து ஏத்தவும், ஏத்தம் ஏறி வந்து டர்போ ஆறவும் ரெண்டு மூண்டு நிமிசம் எஞ்சின் ஓடத்தான் வேணும், அதுக்கு டிரைவர ஏசக் கூடாது.

இனி டீசல் சென்சர். நினைச்சாலே கோவம் வருது. கண்டி போகேக்க பதினெட்டு வளைவு ஏத்தத்துல தேத்தண்ணிக்கு நிப்பாட்டினா போனுக்கு அலேட் வரும், "டேங்கில 15 லீட்டர் குறைஞ்சிட்டு" எண்டு. சமதரைக்கு வந்தா 15 லீட்டர் அடிச்சதாக் காட்டும். மாசக் கடைசி ரிப்போட்ல களவும் இருக்கும், அடிக்காத டீசலும் இருக்கும். நல்ல மனுசன் ஒராள வீணாச் சந்தேகப்பட வைக்கிற வேலை இது.

காரணம் லேசு. என்ட டேங்க் ஒரு மீட்டர் நீளம், சென்சர் கம்பிய ஒரு மூலையில ஓட்டை போட்டு இறக்கியிருக்காங்க. 8 சதவீத ஏத்தத்துல நிண்டா மூலையில மட்டம் 4 சென்டிமீட்டர் மாறும், என்ட டேங்கில ஒரு சென்டிமீட்டர் எண்டா நாலு லீட்டர் கிட்ட, கணக்குப் பாருங்க. நடுவுல இறக்கியிருந்தா சரிவுல பெரிசா மாறாது. அதோட டேங்க வெறுமையாக்கி 20 லீட்டர் 20 லீட்டரா ஊத்தி ஒவ்வொரு தரமும் சென்சர் காட்டுற எண்ணக் குறிச்சுத்தான் கலிப்ரேட் பண்ண வேணும். பொருத்தினவங்க டேங்கின்ட நீளம் அகலத்த மட்டும் கணக்குல போட்டுட்டுப் போயிட்டாங்க, கேட்டா எல்லா லொறிக்கும் இப்பிடித்தானாம். வேற கராஜ்ல நடுவுக்கு மாத்தி, கேன்ல ஊத்திக் குறிச்சு, அந்த அட்டவணைய நாங்களே சென்சர் கம்பனிக்கு அனுப்பித்தான் ஏத்த வெச்சம்.

உண்மையான களவு எண்டா ரிப்போட்ல டீசல் மட்டம் காட்டுற கோடு வேற மாதிரி இருக்கும். எஞ்சின் ஓஃப்ல, சில நிமிசத்துல மட்டம் இறங்கும், சமதரைக்கு வந்தாலும் திரும்ப ஏறாது. அதையும் ஃபுல் டேங்க் அடிச்ச பில்லோட ஒத்துப் பாத்துட்டுத்தான் வாய் திறக்க வேணும்.

மச்சான், என்னட்டக் கேட்டா சென்சர வாங்காத, வெறும் ஜிபிஎஸ் பெட்டியும் வோல்டேஜ் பாக்கிற வசதியும் போதும். நான் இந்த வருசச் சந்தாவ சென்சரோட சேத்தே கட்டிட்டன், கலிப்ரேட் பண்ணப் பட்ட பாட்டுக்கு அதக் கழட்ட மனம் வரல்ல. நீ பிடிவாதமா வாங்கிறதெண்டா ட்ரில்ல எடுக்க முதல் டேங்கில எந்த இடத்துல ஓட்டை போடப் போறாங்க எண்டு பக்கத்துல நிண்டு பார்.